கடைசிக் குழாய் எது? விடால் சோதனையில் டைட்டர் வாசிக்கப் பழகுபவர்களுக்கு

நெருப்புக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் கொழும்பில் இன்றும் பல டாக்டர்மார் எழுதும் சோதனை விடால். 1896இல் பெர்னாண்ட் விடால் பாரிஸில் அறிமுகப்படுத்திய இந்தச் சோதனையின் அடிப்படை மாறவே இல்லை. நோயாளியின் நீர்ப்பாயத்தில் சல்மனெல்லா டைஃபிக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தால், கொல்லப்பட்ட அதே பற்றீரியாவைச் சேர்த்தவுடன் பற்றீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இதுவே ஒருங்கொட்டல். அறிக்கையில் வருகிற 80, 160, 320 போன்ற எண்கள், நீர்ப்பாயத்தை எவ்வளவு தூரம் ஐதாக்கிய பிறகும் அந்த ஒட்டல் தெரிந்தது என்பதைச் சொல்கின்றன.

இங்கே விளக்குவது குழாய் முறையை. சிலைடில் செய்யும் விரைவு முறையும் உண்டு. அதில் 0.08, 0.04, 0.02, 0.01, 0.005 மில்லிலீற்றர் நீர்ப்பாயத்தை ஒவ்வொரு வட்டத்திலும் விட்டு, ஒரு துளி பற்றீரியாக் கரைசலைக் கலந்து, ஒரு நிமிடத்துக்குள் பார்ப்பார்கள். இவை முறையே 20, 40, 80, 160, 320 என்ற டைட்டர்களுக்குச் சமமானவை என்று கிட்டோடு வரும் தாள் சொல்லும். ஒட்டல் இருக்கிறதா இல்லையா என்று முதலில் பார்க்க அது போதும். ஆனால் மின்விசிறிக்குக் கீழே வைத்து இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், ஓரம் காய்ந்து மணல்மணலாகி, இல்லாத ஒருங்கொட்டலும் இருப்பதுபோலத் தெரியும். எண் முக்கியம் என்றால் குழாய்தான்.

தொடங்குமுன்

நீர்ப்பாயம் தெளிவாக இருக்க வேண்டும். எதிர்உறைபொருள் இல்லாத குழாயில் எடுத்த குருதியை அறை வெப்பத்தில் அரை மணித்தியாலம் உறையவிட்டு, பிறகு சுழற்றி, மேலே நிற்கும் நீர்ப்பாயத்தைப் பிரித்தெடுங்கள். செங்குழியங்கள் உடைந்து சிவந்திருந்தாலோ, கொழுப்பால் பால்போல் வெளுத்திருந்தாலோ குழாயின் அடியைச் சரியாகப் பார்க்க முடியாது. புதிய மாதிரி கேட்பதே நல்லது.

பற்றீரியாக் கரைசல் இரண்டு தேவை: ஒன்று ஓ, மற்றது எச். ஓ என்பது பிறபொருளெதிரி பிடிக்கும் பகுதிகளில் பற்றீரியாவின் சுவரில் இருப்பது. எச் என்பது அதன் சவுக்குமுளையில் இருப்பது. இரண்டும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைவிப்பான் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த போத்தல் ஒரு தடவை உறைந்து உருகினாலே கரைசல் தானாகக் கட்டியாகிவிடலாம். பாவிக்கு முன் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். அடியில் படிந்திருந்ததைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் எடுத்தால் எல்லாக் குழாயிலும் பற்றீரியா குறைவாக இருக்கும். வரிசை முழுவதும் பிழைத்துப் போகும்.

ஐதாக்கும் வரிசை

சோடியம் குளோரைட்டு 0.85 வீதக் கரைசல் போதும், சேலைன் என்று சொல்வது அதைத்தான். ஓவுக்கு எட்டுக் குழாய், எச்சுக்கு எட்டுக் குழாய் என இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கான வேலையை மட்டும் பார்ப்போம், மற்றதும் அப்படியே.

1. முதற் குழாயில் 0.9 மில்லிலீற்றர் சேலைன், இரண்டாவதிலிருந்து எட்டாவது வரை 0.5 மில்லிலீற்றர் வீதம் சேலைன்.

2. முதற் குழாயில் 0.1 மில்லிலீற்றர் நீர்ப்பாயம் விட்டுக் கலக்குங்கள். இப்போது அது பத்தில் ஒன்று.

3. குழாயியில் புதிய நுனி மாட்டி அதிலிருந்து 0.5 எடுத்து இரண்டாவதில் விட்டுக் கலக்குங்கள். இருபதில் ஒன்று. இன்னொரு புதிய நுனியால் அங்கிருந்து 0.5 மூன்றாவதுக்கு. இப்படியே ஏழாவது வரை.

4. ஏழாவது குழாயிலிருந்து 0.5 எடுத்துக் கழிவில் ஊற்றுங்கள். எட்டாவதுக்கு நீர்ப்பாயம் போகவே கூடாது. அது கட்டுப்பாட்டுக் குழாய்.

5. எட்டுக் குழாய்க்கும் 0.5 மில்லிலீற்றர் பற்றீரியாக் கரைசல் சேர்த்து, தாங்கியோடு மெதுவாக ஆட்டிக் கலந்து, மூடி, 37 பாகையில் இரவு முழுக்க விடுங்கள். வேறு வெப்பமும் நேரமும் சொல்லும் கிட்டுகள் உண்டு. அப்போது கிட்டின் தாளையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் புதியவர்களை அடிக்கடி குழப்புகிறது. ஏழாவது குழாயில் நீர்ப்பாயம் 640இல் ஒன்று என ஐதாகியிருந்தது. அதில் சம அளவு பற்றீரியாக் கரைசல் சேர்த்ததும் 1280இல் ஒன்றாகிவிட்டது. பத்து, இருபது, நாற்பது என்று ஆரம்பித்த வரிசை, கடைசியில் 20, 40, 80, 160, 320, 640, 1280 என்று நிற்கிறது. அறிக்கையில் எழுத வேண்டியது இந்த இறுதி ஐதாக்கம். ஒரே குழாயை ஒருவர் 80 என்றும் மற்றவர் 160 என்றும் எழுதினால், அவர்கள் சோதனையில் வேறுபடவில்லை, பற்றீரியாக் கரைசலைக் கணக்கில் எடுத்தார்களா என்பதில்தான் வேறுபடுகிறார்கள். உங்கள் ஆய்வுகூடம் எதை எழுதுகிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பத்தில் ஒன்று என்பதையும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஒரு பங்கு நீர்ப்பாயமும் ஒன்பது பங்கு சேலைனும் சேர்ந்து பத்துப் பங்கு. 0.1க்கு 1.0 சேலைன் விட்டால் அது பதினொன்றில் ஒன்று. முதற் குழாயில் வரும் இந்தப் பிழை வரிசை முழுவதற்கும் நகர்ந்து போகும்.

குழாயிக் கை தரும் பிழை

பாதி பாதியாக ஐதாக்குவது எளிய வேலைபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் நடக்கும் சிறிய பிழை அடுத்த படியில் பெருக்கப்படும். நுனி சரியாகப் பொருந்தாமல் ஒவ்வொரு தடவையும் 0.5க்குப் பதிலாக 0.45தான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.45ஐ 0.5 சேலைனில் விட்டால் 2 மடங்கு ஐதாகாமல் 2.11 மடங்கு ஐதாகிறது. ஆறு தடவை மாற்றினால் 64 மடங்குக்குப் பதிலாக ஏறத்தாழ 88 மடங்கு. 640இல் ஒன்று என்று நீங்கள் நினைக்கும் குழாய் உண்மையில் 885இல் ஒன்று. அரைக் குழாய் அளவு வித்தியாசம் இதிலேயே வந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்துப் பிழை, ஒரே நுனியை வரிசை முழுக்கப் பாவிப்பது. நுனியின் வெளிப்புறத்தில் ஒட்டிய அடர்ந்த நீர்ப்பாயம் அடுத்த குழாய்களுக்குள் கரைந்து, டைட்டரை உயர்த்திக் காட்டும். நுனியை ஒவ்வொரு படியிலும் மாற்றச் சொல்வது அதனால்தான். கலக்கும்போது குழாயியை மூன்று நான்கு தடவை மெதுவாக இழுத்து விடுங்கள், குமிழி வரக் கூடாது. குமிழி இருந்தால் அடுத்து ஏறும் 0.5, 0.5ஆக இருக்காது.

கழிவில் ஊற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஏழாவது குழாயில் 1.0 மில்லிலீற்றர் நிற்கும். அதோடு 0.5 கரைசல் சேர 1.5 ஆகும். நீர்ப்பாயம் 1280இல் ஒன்றாக இல்லாமல் 960இல் ஒன்றாக இருக்கும், பற்றீரியாவும் அங்கே மற்றக் குழாய்களைவிட ஐதாகிவிடும். திரவ மட்டத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். எட்டுக் குழாயிலும் மட்டம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று அடைகாக்க வைக்குமுன் பாருங்கள், ஐந்து விநாடிதான் ஆகும்.

அடியில் என்ன தெரிகிறது

மறுநாள் காலை குழாய்களை ஆட்டாமல் எடுங்கள். கட்டுப்பாட்டுக் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே பிறபொருளெதிரி இல்லை, ஆகவே பற்றீரியாக்கள் தனித்தனியாக இறங்கி, வட்டமான அடியில் வழுக்கி, மிகத் தாழ்ந்த புள்ளியில் சேரும். நடுவில் சிறிய, ஓரம் மென்மையான பொட்டுப்போலத் தெரியும். குழாயை விரலால் தட்டினால் அந்தப் பொட்டு புகைச் சுருள்போல எழுந்து, சீரான கலங்கலாகிவிடும்.

பிறபொருளெதிரி இருந்தால் வழுக்கல் நடக்காது. பற்றீரியாக்கள் வலைபோலக் கோக்கப்பட்டு, விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். ஓ வரிசையில் அடி முழுவதும் மெல்லிய பாய் விரித்ததுபோல, ஓரம் ஒழுங்கில்லாமல், பொடிமணி மணியாகத் தெரியும். மேலே நிற்கும் நீர் தெளிந்திருக்கும். தட்டினால் சிறு துணுக்குகளாக எழும், கரையாது. எச் வரிசை வேறு மாதிரி. சவுக்குமுளைகள் வழியாக ஒட்டுவதால் பஞ்சுப்பொதி போல, தளர்வான திரளாக இருக்கும். கொஞ்சம் பலமாகத் தட்டினாலும் உடைந்து காணாமல் போகும். எச் குழாய்களை ஆட்டியபின் பார்த்து எதிர் என்று எழுதுவது பழகுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. முதலில் அடி, பிறகு மேல்நீர், கடைசியாகத்தான் தட்டல்.

வெளிச்சம் பக்கத்திலிருந்து வர, பின்னால் கறுப்புப் பின்னணி இருந்தால் மணிகள் தெளிவாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். கொழும்பில் மழை மூடினால் காலை பத்து மணிக்கும் அறை இருட்டாகிவிடும். நேற்று தெரிந்தது இன்று தெரியாமல் போனால் அது நீர்ப்பாயத்தின் குற்றமில்லை.

கட்டுப்பாட்டுக் குழாயில் பொட்டு இல்லாமல் மணி தெரிந்தால், பற்றீரியாக் கரைசல் தானே ஒட்டிக்கொள்கிறது. அந்த வரிசையில் எதையும் வாசிக்க வேண்டாம், புதிய போத்தலோடு மீண்டும் செய்யுங்கள். டைட்டர் தெரிந்த நீர்ப்பாயம் ஒன்றையும் ஒவ்வொரு தொகுதியிலும் சேர்த்துச் செய்யுங்கள். அது எதிர்பார்த்த எண்ணிலிருந்து ஒரு குழாய்க்கு மேல் விலகினால் அன்றைய முடிவு எதையும் வெளியிடக் கூடாது.

எண்ணைப் பிடிப்பது

ஒருங்கொட்டல் தெளிவாகத் தெரியும் கடைசிக் குழாயின் ஐதாக்கம்தான் டைட்டர். 20, 40, 80, 160 வரை பாய், 320இல் பொட்டு என்றால் டைட்டர் 160. முதற் குழாயிலேயே பொட்டு என்றால் பூச்சியம் என்று எழுதாதீர்கள், "20க்குக் குறைவு" என்று எழுதுங்கள். அதைவிடக் குறைந்த ஐதாக்கத்தில் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவில்லை. அதேபோல் 1280 வரை எல்லாம் பாயாக இருந்தால் டைட்டர் 1280 இல்லை, 1280 அல்லது அதற்கு மேல். வரிசையை நீட்டி மீண்டும் செய்தால்தான் முடிவு கிடைக்கும்.

இடையில் வரும் மயக்கமான குழாய் ஒன்று எப்போதும் இருக்கும். அடியில் பொட்டும் இருக்கும், சுற்றிலும் கொஞ்சம் மணியும் இருக்கும். இதைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அந்த நோயாளியின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. ஆய்வுகூடம் முன்கூட்டியே விதி வகுத்திருக்க வேண்டும், இரண்டாவது ஆள் முதல் ஆளின் எண்ணைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும்.

குழாய்களின் ஒழுங்கையும் பாருங்கள். ஆரம்பத்தில் 20இலும் 40இலும் பொட்டு, 80இலிருந்து 640 வரை பாய் என்று வந்தால் பதறத் தேவையில்லை. பிறபொருளெதிரி அளவுக்கு மிஞ்சிப் போகும்போது, ஒவ்வொரு பற்றீரியாவும் தனித்தனியாகப் பிறபொருளெதிரியால் மூடப்பட்டு, பக்கத்துப் பற்றீரியாவைப் பிடிக்க இடமில்லாமல் போகிறது. புரோசோன் என்று சொல்வது இதைத்தான். ஐதாக்கும்போது அளவு சரிப்பட்டு வலை உருவாகிறது. டைட்டர் அப்போதும் 640தான். ஆனால் இரண்டே குழாயில் சோதனை செய்து நிறுத்தியவருக்கு இதே நோயாளி எதிர் என்று போயிருப்பார். மாறாக 20, 40 பாய், 80 பொட்டு, 160 பாய் என்று நடுவில் ஓட்டை விழுந்தால் அது புரோசோன் அல்ல. அந்தக் குழாயில் கரைசலோ நீர்ப்பாயமோ சரியாகப் போகவில்லை. வரிசையை மீண்டும் செய்யுங்கள்.

ஒரு சோடி மாதிரி

ஒரு எடுத்துக்காட்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒருவரின் குருதி ஐந்தாம் நாளில் எடுக்கப்படுகிறது. ஓ வரிசையில் 80 வரை பாய், 160இல் கொஞ்சம் மயக்கம், விதிப்படி பொட்டாகக் கணக்கிட்டு டைட்டர் 80 என்று எழுதியாகிவிட்டது. மீதி நீர்ப்பாயம் மைனஸ் 20 பாகையில் வைக்கப்படுகிறது. பதினான்காம் நாள் இரண்டாவது மாதிரி வருகிறது. அதில் ஓ டைட்டர் 320.

80இலிருந்து 320. நான்கு மடங்கு, அதாவது இரண்டு குழாய். நான்கு மடங்கு உயர்வு அண்மைய தொற்றுக்கு நல்ல ஆதாரம் என்பது பாடத்தில் படித்தது. டாக்டருக்குத் தொலைபேசி எடுக்கக் கை நீளும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த முறையில் ஒரே நீர்ப்பாயத்தை நாளைக்குச் செய்தாலே ஒரு குழாய் முன்னோ பின்னோ போகும். ஒன்பது நாள் இடைவெளி, வேறு போத்தல், வேறு கை என்றால் இரண்டு எண்களும் தனித்தனியாக ஒரு குழாய் நகர்ந்திருக்கலாம். அதனால்தான் முதல் மாதிரியை உருக்கி எடுத்து, இரண்டாவதோடு ஒரே நாளில், ஒரே போத்தல் கரைசலில், பக்கத்துப் பக்கத்துத் தாங்கியில் வைத்துச் செய்ய வேண்டும்.

அப்படிச் செய்தபோது முதல் மாதிரி 160, இரண்டாவது 320. முன்பு மயங்கி நின்ற குழாய் இந்தத் தடவை தெளிவாகப் பாயாகிவிட்டது. எச் இரண்டிலும் 160. வித்தியாசம் ஒரு குழாய் மட்டும். தாளில் நான்கு மடங்காகத் தெரிந்தது, பக்கத்தில் வைத்தபோது இரண்டு மடங்காகச் சுருங்கியது. இதை உயர்வு என்று எழுத முடியாது.

எண்ணுக்குப் பின்னால்

அப்படியானால் இந்த 160, 320 எங்கிருந்து வந்தன? நெருப்புக்காய்ச்சல் நின்று நிலவும் ஊர்களில், முன்பு எப்போதோ வந்த தொற்றின் மிச்சமாகக் குருதியில் பிறபொருளெதிரி இருக்கலாம். எச் பிறபொருளெதிரி ஓவைவிட நெடுங்காலம் நிற்கும். இன்னொரு சல்மனெல்லாவும் இதைத் தூண்டலாம். சல்மனெல்லா என்டெரிடிடிஸ், சல்மனெல்லா டைஃபியோடு ஓ 9, ஓ 12 என்ற சுவர்ப் பகுதிகளைப் பகிர்கிறது, குழாய் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. மறுபுறம், உண்மையான நோயாளியின் நீர்ப்பாயத்திலும் முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஓ பொதுவாக ஆறு முதல் எட்டு நாளிலும், எச் பத்து முதல் பன்னிரண்டு நாளிலும்தான் தெரியத் தொடங்கும். ஐந்தாம் நாளில் எடுத்த மாதிரியில் "20க்குக் குறைவு" என்று வந்தால் நோய் இல்லை என்று யாரும் வாசிக்கக் கூடாது.

எத்தனைக்கு மேல் சந்தேகம் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் நலமான மக்களின் அடிப்படை டைட்டர் மாறுகிறது. வேறு நாட்டுப் புத்தகத்தின் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஆய்வுகூடம் பாவிக்கும் எல்லையைப் பாவியுங்கள். உறுதிப்படுத்த வேண்டுமானால் குருதி வளர்ப்பு வேண்டும், அதுவும் அன்டிபயோட்டிக் தொடங்குமுன். இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் அறிவிக்க வேண்டிய நோய் என்பதால், இந்த அறிக்கையை வைத்து வேறு ஆட்களும் முடிவெடுப்பார்கள்.

மேலே சொன்ன சோடிக்கு அறிக்கை இப்படிப் போகும்: "முதல் மாதிரி, காய்ச்சலின் 5ஆம் நாள்: ஓ 160, எச் 160. இரண்டாவது மாதிரி, 14ஆம் நாள்: ஓ 320, எச் 160. இரண்டும் ஒரே நாளில் குழாய் முறையில் செய்யப்பட்டன, எண்கள் இறுதி ஐதாக்கங்கள். முன்பு அறிவித்த முதல் மாதிரியின் ஓ 80 இதனால் திருத்தப்படுகிறது. நான்கு மடங்கு உயர்வு இல்லை."